முழுதும் திறந்த வால்வும் நிற்காத கூட்டலும்

சாயப்பட்டறைக்கு வெந்நீர் கொடுக்கும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீராவியால் சூடாகும் தொட்டி. தண்ணீர் 80 டிகிரியில் நிற்க வேண்டும். காலையில் குளிர்ந்த தொட்டியில் கன்ட்ரோலரை ஆட்டோவில் போடுகிறார்கள். நீராவி வால்வு முழுதும் திறக்கிறது, வெப்பநிலை ஏறுகிறது. இதுவரை எல்லாம் சரி. வெப்பநிலை 80-ஐத் தொட்டுத் தாண்டுகிறது. 85 ஆகிறது, 90 ஆகிறது. வால்வு இன்னும் 100 சதவீதத் திறப்பிலேயே இருக்கிறது. வால்வு சிக்கிக்கொண்டதோ என்று பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. வெப்பமானியும் சரியாகவே காட்டுகிறது. தண்ணீர் தேவைக்கு மேல் சூடாகிவிட்டது என்று தெரிந்த பிறகும், கன்ட்ரோலர்தான் திறந்தே இருக்கும்படி வால்வுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆலைகளில் இதை வைண்டப் என்பார்கள். பி.ஐ.டி. கன்ட்ரோலரின் ஐ, அதாவது இன்டெக்ரல் என்ற பகுதியில் நடக்கும் கோளாறு இது. ட்யூனிங் சரியில்லை என்று பெரும்பாலும் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லூப்பையும் கெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எண்களோடு ஒருமுறை தொடர்ந்து பார்த்துவிட்டால், பிறகு இதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

பி.ஐ.டி. கன்ட்ரோலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: வேண்டிய வெப்பநிலைக்கும் இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். அதைப் பிழை என்போம். பிழை இப்போது எவ்வளவு என்பதற்கு ஏற்ப வால்வைத் திறப்பது பி. பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது டி. வெப்பநிலை லூப்புகள் பலவற்றில் டி-யைப் பூஜ்யமாகவே வைத்திருப்பார்கள், அதனால் இங்கே அதை விட்டுவிடலாம். ஐ என்பது இதுவரை இருந்த பிழையை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் கூட்டி வைத்துக்கொள்ளும் கணக்குப் புத்தகம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதில் வரவு ஏறும். அதிகம் சூடாகிவிட்டால் கழியும். வால்வுக்குப் போகும் கட்டளை பி, ஐ இரண்டின் கூட்டுத்தொகை.

அந்தப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். தொட்டியின் கணக்கைப் பார்த்தால் விளங்கும். தொட்டியில் 1000 லிட்டர் தண்ணீர். நொடிக்கு அரை லிட்டர் வெந்நீர் வெளியே போகிறது, அதே அளவு 30 டிகிரி தண்ணீர் உள்ளே வருகிறது. அதை 80-க்குக் கொண்டுவரச் சுமார் 105 கிலோவாட் வெப்பம் இடைவிடாமல் வேண்டும். வால்வு முழுதும் திறந்தால் 200 கிலோவாட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 80 டிகிரியில் நிலையாக நிற்க வால்வு 52 சதவீதம் திறந்திருக்க வேண்டும். பி மட்டும் இருந்தால் இது நடக்காது. பிழை பூஜ்யமானால் பி-யும் பூஜ்யம், வால்வு மூடிக்கொள்ளும். ஒரு டிகிரி பிழைக்கு 5 சதவீதம் திறப்பு என்று பி-யை அமைத்திருந்தால், தண்ணீர் 71 டிகிரிக்குச் சற்று மேலே போய் அங்கேயே நின்றுவிடும். மீதி 9 டிகிரியை எட்ட வைப்பது ஐ-யின் வேலை. பிழை இருக்கும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய், 52 சதவீதம் என்ற எண்ணைத் தானே கண்டுபிடித்து, பிழை பூஜ்யமான பிறகு அந்த எண்ணைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு. வால்வு கட்டளைக்கு ஏற்ப அசைகிறவரை அதில் ஒரு குறையும் இல்லை.

இனி அந்தக் காலை நேரத்துக்கு வருவோம். ஐ-யின் காலம் 10 நிமிடம் என்று அமைத்திருக்கிறது. இந்தத் தொட்டிக்கு அது பொருத்தமான அமைப்புதான். தொடக்கத்தில் தண்ணீர் 30 டிகிரி, பிழை 50. பி மட்டுமே 250 சதவீதம் கேட்கிறது. வால்வால் கொடுக்க முடிந்தது 100. ஆகவே வால்வு முழுதும் திறந்து நிற்கிறது. நீராவி தன் வேகத்தில்தான் சூடாக்கும். 80-ஐ எட்ட ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் அந்த 25 நிமிடம் குறையப் போவதில்லை. ஆனால் ஐ-க்கு அது தெரியாது. பிழை இருக்கிறது, ஆகவே கூட்டு என்று முதல் நிமிடத்திலேயே சுமார் 25 சதவீதம் சேர்க்கிறது. பிழை குறையக் குறையச் சேர்க்கும் வேகம் குறைந்தாலும், சேர்ப்பது நிற்பதில்லை. வெப்பநிலை 80-ஐத் தொடும்போது ஐ-யின் கணக்கில் இருப்பது 271 சதவீதம். அந்த நொடியில் பிழை பூஜ்யம், பி பூஜ்யம். கன்ட்ரோலர் வால்விடம் கேட்பதோ 271.

வால்வு அசைய வேண்டுமானால் மொத்தக் கட்டளை 100-க்குக் கீழே வர வேண்டும். அதாவது 171 சதவீதம் கரைய வேண்டும். அதைக் கரைக்க ஒரே வழி எதிர்ப்பக்கப் பிழை. தண்ணீர் 80-க்கு மேலே போனால்தான் பி எதிர்ப்பக்கம் திரும்பும், ஐ-யும் கழியும். ஆகவே வால்வு முழுதும் திறந்திருக்க, தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில், 80-ஐக் கடந்து ஏறக்குறைய 17 நிமிடம் கழித்து, வெப்பநிலை 98 டிகிரியில் இருக்கும்போதுதான் வால்வு முதல்முறையாக அசைகிறது. உச்சம் கொதிநிலைக்கு மிக அருகில், 99 டிகிரி. அதற்குப் பிறகும் ஐ-யில் மிச்சம் இருப்பது வடிய வேண்டும். தண்ணீர் மீண்டும் 82-க்குக் கீழே வரும்போது, முதலில் 80-ஐக் கடந்து 40 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். இத்தனைக்கும் வால்வு, வெப்பமானி, ட்யூனிங் எண்கள் எதிலும் தவறில்லை.

இங்கே மனத்தில் நிறுத்த வேண்டிய ஒன்று பரப்பளவு. வெப்பநிலை வரைபடத்தில் 80 என்ற கோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு சேர்ந்ததோ, அதற்கு ஈடாக மேலே ஒரு பரப்பு சேர்ந்தால்தான் ஐ தன் பழைய இடத்துக்குத் திரும்பும். வால்வு கட்டுப்பாட்டில் இருந்தபோது சேர்ந்த பரப்பு என்றால் அதில் பொருள் உண்டு. எவ்வளவு திறப்பு தேவை என்பதை அது கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வால்வு முட்டி நின்றபோது சேர்ந்த பரப்பு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. அது வெறும் காத்திருப்பின் அளவு. அதையும் அறிவு என்று எண்ணிக் கன்ட்ரோலர் எழுதிவைத்துக்கொள்வதுதான் கோளாறு.

திரையில் இதை அடையாளம் காண்பது எளிது. வெப்பநிலையையும் கன்ட்ரோலரின் அவுட்புட்டையும் ஒரே ட்ரெண்டில் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை செட் பாயின்ட்டைக் கடக்கிற இடத்தில் அவுட்புட் 100-இல் தட்டையாக இருந்து, கடந்த பிறகும் தட்டையாகவே நீண்டால் அது வைண்டப். ட்யூனிங் மோசமான லூப்பிலும் வெப்பநிலை தாண்டிப் போகும். ஆனால் அங்கே அவுட்புட் உயிரோடு இருக்கும், செட் பாயின்ட்டை நெருங்கும்போதே இறங்கத் தொடங்கியிருக்கும். இதைப் பார்க்காமல், தாண்டிப் போகிறதே என்று ஐ-யின் காலத்தை 10 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்கு நீட்டிவிடுகிறவர்கள் உண்டு. காலை நேரத் தாண்டல் குறையும், உண்மைதான். ஆனால் மதியம் பட்டறையில் திடீரென்று அதிகம் வெந்நீர் எடுத்தால் தொட்டி குளிர்ந்துபோய், மீண்டு வர மணிக்கணக்காகும். நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறுக்காக நாள் முழுதும் லூப்பை மந்தமாக்கிய கதை அது. இன்னொரு கூட்டம் தினமும் காலையில் கன்ட்ரோலரை மேனுவலில் வைத்துச் சூடாக்கி, 75-இல் ஆட்டோவுக்கு மாற்றும். ஆபரேட்டர் அனுபவத்தில் கண்டுபிடித்த அந்த வழி சரியானதே. கன்ட்ரோலர் தானே செய்திருக்க வேண்டியதை அவர் கையால் செய்கிறார்.

கன்ட்ரோலருக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் வழிகளைத்தான் ஆன்டி வைண்டப் என்கிறோம். எல்லாவற்றிலும் எளியது ஐ-க்கு ஓர் உச்சவரம்பு போடுவது. வால்வால் 100-க்கு மேல் போக முடியாது, ஆகவே ஐ-யும் 100-க்கு மேல் போகக்கூடாது. நம் தொட்டியில் இதைச் செய்தால் 80-ஐக் கடந்தவுடனே வால்வு மூடத் தொடங்கும். உச்சம் 99-இலிருந்து 85 ஆகக் குறையும். பெரிய முன்னேற்றம். ஆனாலும் 5 டிகிரி தாண்டல் ஏன் மிஞ்சுகிறது? வேண்டியது 52, ஐ-யில் இருப்பது 100. மீதி 48 சதவீதம் கரைவதற்கு 80-க்கு மேலே கொஞ்ச நேரம் கிடந்தாக வேண்டும். இதில் ஒரு பொறியும் உண்டு. சில புரோகிராம்களில் கடைசியில் வால்வுக்குப் போகும் எண்ணை மட்டும் 100-இல் வெட்டியிருப்பார்கள். உள்ளே ஐ வரம்பின்றி ஏறிக்கொண்டிருக்கும். திரையில் 100 என்று தெரிவதால் எல்லாம் கட்டுக்குள் இருப்பதாகத் தோன்றும். மேலே பார்த்த 271 கணக்கு அப்படிப்பட்ட புரோகிராமில் நடப்பதுதான்.

அடுத்த வழி, வால்வு முட்டி நிற்கும்போது கூட்டலையே நிறுத்திவிடுவது. தொடக்கத்திலிருந்தே பி மட்டும் 100-க்கு மேல் கேட்பதால் ஐ பூஜ்யத்திலேயே உறைந்திருக்கும். 60 டிகிரியில் பிழை 20 ஆகிறது, பி சரியாக 100 ஆகிறது. அங்கிருந்துதான் ஐ தன் கணக்கைத் தொடங்கும். பி இறங்க இறங்க ஐ ஏறிவர, வால்வு மெல்ல மூடிக்கொண்டு 80-ஐ நெருங்குகிறது. கணக்கின்படி 80-ஐத் தொட 25 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம் ஆகிறது. தாண்டல் ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கொடுத்து 18 டிகிரித் தாண்டலைத் தவிர்த்திருக்கிறோம்.

இந்த வழியில் ஒரு நிபந்தனையை மறக்கக்கூடாது. பிழை வால்வை மேலும் முட்டச் செய்யும் திசையில் இருந்தால் மட்டுமே கூட்டலை நிறுத்த வேண்டும். திசை பார்க்காமல், முட்டினால் நிறுத்து என்று எழுதிவிட்டால் ஆபத்து. ஏதோ காரணத்தால் ஐ-யில் பெரிய எண் சேர்ந்துவிட்டது, வால்வு 100-இல் நிற்கிறது, தண்ணீர் 80-க்கு மேல் போய்விட்டது என்று வையுங்கள். இப்போது ஐ கழிய வேண்டும். ஆனால் வால்வு முட்டி நிற்கிறதே என்று கழித்தலையும் நிறுத்திவிட்டால், வால்வை மூட பி மட்டுமே மிஞ்சும். வைண்டப்பைத் தடுக்க எழுதிய வரியே வைண்டப்பைப் பூட்டி வைத்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கன்ட்ரோலர் கேட்டது எவ்வளவு, வால்வு உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தை எடுத்து, அதை ஐ-க்கே திருப்பி ஊட்டுவது. பேக் கால்குலேஷன் என்பார்கள். மூன்றே வரிகளில் அடங்கிவிடும்:

```
u_raw = Kp*e + I
u = min(100, max(0, u_raw))
I = I + (Kp/Ti*e + (u - u_raw)/Tt)*dt
```

முதல் வரியில் இருப்பது கன்ட்ரோலரின் ஆசை. இரண்டாவது வரி, வால்வால் முடிந்தது. மூன்றாவது வரியில் ஐ-யின் வழக்கமான கூட்டலோடு, முடிந்ததற்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசமும் சேர்கிறது. வால்வு வரம்புக்குள் இருக்கும்போது அந்த வித்தியாசம் பூஜ்யம். சாதாரண கன்ட்ரோலருக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. வால்வு முட்டியவுடன் வித்தியாசம் எதிர்மறையாகி ஐ-யைக் கீழே இழுக்கிறது. எங்கே நிறுத்துவது, எந்தத் திசை என்றெல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதை `Tt` முடிவுசெய்கிறது. நம் தொட்டியில் அதை ஐ-யின் காலத்துக்குச் சமமாக, 10 நிமிடமாக வைத்தால் வால்வு 78 டிகிரியில்தான் மூடத் தொடங்கும். உச்சவரம்பு போட்ட வழியை விடக் கொஞ்சம்தான் மேல். 2 நிமிடமாக வைத்தால் 64 டிகிரியிலேயே வால்வு விடுபட்டுவிடும், தாண்டல் ஒன்றிரண்டு டிகிரியில் அடங்கும். அப்படியானால் இன்னும் சுருக்கலாமே என்று தோன்றும். டி-யும் வேலை செய்கிற லூப்பில் அது சரிவராது. வெப்பமானியின் சமிக்ஞையில் ஒரு சின்ன அதிர்வு வந்தால் டி அதைப் பெரிதாக்கி, ஒரு நொடிக்கு அவுட்புட்டை 100-இல் முட்டவைக்கும். `Tt` மிகச் சிறிதாக இருந்தால் அந்த ஒரு நொடியிலேயே ஐ நிலைகுலைந்து, அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த 52 சதவீதம் கையைவிட்டுப் போய்விடும். அதனால்தான் டி-யின் காலத்துக்கும் ஐ-யின் காலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தத் தொல்லை கணினியோடு வந்ததல்ல. காற்றழுத்தத்தில் ஓடிய பழைய கன்ட்ரோலர்களிலும் இருந்தது. வால்வுக்குப் போகும் சமிக்ஞை 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை, கருவிக்கு வரும் காற்று 20 பி.எஸ்.ஐ. பிழை நீடித்தால் ஐ-யின் துருத்தி 20 வரை நிரம்பிவிடும். வால்வு அசைய வேண்டுமானால் அழுத்தம் முதலில் 15-க்கு இறங்கியாக வேண்டும். ஆனால் அங்கே வைண்டப்புக்கு இயற்கையான ஓர் எல்லை இருந்தது. வருகிற காற்றுக்கு மேல் துருத்தியில் ஏறாது. எண்ணுக்கு அப்படி எல்லை இல்லை. 271 ஆனது போல 2710-உம் ஆகும். தொட்டிக்கு நீராவியே வராமல் இரவு முழுதும் கன்ட்ரோலர் ஆட்டோவில் கிடந்தால், காலையில் ஐ-யில் என்ன எண் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பி.எல்.சி.யிலும் இன்றைய கன்ட்ரோலர்களிலும் ஆன்டி வைண்டப் உள்ளேயே வந்துவிடுகிறது, பிறகென்ன கவலை என்று கேட்பார்கள். கவலை இருக்கிறது. அந்த ஏற்பாடு கன்ட்ரோலரின் அவுட்புட் 100-ஐ எட்டினால்தான் விழித்துக்கொள்ளும். வால்வு அதற்கு முன்பே முட்டி நின்றுவிட்டால்? வால்வின் கைச்சக்கரத்தில் யாரோ எப்போதோ 40 சதவீதத்துக்கு மேல் திறக்காதபடி தடை வைத்திருக்கலாம். கன்ட்ரோலர் 40-ஐத் தாண்டி 100 வரை கட்டளையை ஏற்றிக்கொண்டே போகும். அது உள்ளே முழுதும் காலிப் பயணம். பிறகு 100-இலிருந்து 40-க்கு இறங்கி வரும்வரை வால்வு அசையாது. வால்வை இறுக மூடவும் முழுதும் திறக்கவும் என்று அவுட்புட்டை மைனஸ் 5 முதல் 105 சதவீதம் வரை விட்டுவைப்பதும் வழக்கம்; அந்த 5 சதவீதமும் சிறிய அளவில் இதே காலிப் பயணம்தான்.

இரண்டு கன்ட்ரோலர்கள் அடுக்காக வேலை செய்யும் இடத்தில் இது இன்னும் மறைந்துகொள்ளும். வெப்பநிலை கன்ட்ரோலர், எவ்வளவு நீராவி ஓட வேண்டும் என்று நீராவி கன்ட்ரோலருக்குச் சொல்கிறது; அது வால்வை இயக்குகிறது. பாய்லரில் அழுத்தம் குறைந்துவிட்டால் வால்வு முழுதும் திறந்தும் கேட்ட நீராவி கிடைக்காது. முட்டி நிற்பது உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் அவுட்புட். வெளியே இருப்பதன் அவுட்புட் 60, 70 என்று நடுவில்தான் இருக்கும். தனக்கு ஒன்றும் தடை இல்லை என்று எண்ணி அது கூட்டிக்கொண்டே போகும். உள் கன்ட்ரோலரில் எவ்வளவு நல்ல ஆன்டி வைண்டப் இருந்தாலும் பயனில்லை. உண்மையில் ஓடுகிற நீராவி எவ்வளவு என்ற அளவை வெளிக் கன்ட்ரோலரின் ஐ-க்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எக்ஸ்டர்னல் ரீசெட் என்று கருவிக் கையேடுகளில் இருக்கும் வசதி இதற்காகத்தான். பல ஆலைகளில் அந்த இணைப்பைப் போடாமலே விட்டிருப்பார்கள்.

ஆகவே ஒரு லூப்பை முதல்முறை ஓடவிடும்போது இதையும் சோதித்துவிடுவது நல்லது. உற்பத்திக்கோ ஆளுக்கோ ஆபத்தில்லாத நேரமாகப் பார்த்து, கன்ட்ரோலர் ஆட்டோவில் இருக்கும்போதே நீராவிக் குழாயின் கை வால்வைப் பாதி மூடி வையுங்கள். வெப்பநிலை இறங்கும், அவுட்புட் 100-க்கு ஏறும். ஐ-யின் காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் அப்படியே விட்டுவிட்டுக் கை வால்வைத் திறங்கள். வெப்பநிலை 80-ஐ எட்டும் முன்பே அவுட்புட் 100-ஐ விட்டு இறங்கத் தொடங்கினால் ஆன்டி வைண்டப் வேலை செய்கிறது. வெப்பநிலை 80-ஐக் கடந்து வெகுநேரம் ஆகியும் அவுட்புட் தட்டையாகவே இருந்தால், ட்யூனிங் எண்களைத் தொடாதீர்கள். ஐ-க்கு வால்வின் உண்மை நிலை எங்கிருந்து வருகிறது, வருகிறதா என்று புரோகிராமைத் திறந்து பாருங்கள்.